சுற்றுகள் இரண்டு மடங்கு, கிளிப் ஒன்றே ஒன்று அதிகம்: மின்காந்தப் பயிற்சித்தாள் பற்றி

கேள்வி: “மகளின் அறிவியல் பயிற்சித்தாளில் இரண்டு இடத்தில் மதிப்பெண் போய்விட்டது. ‘அதிகக் கம்பி சுற்றினால் மின்காந்தம் வலுவாகும்’ என்ற விடைக்குப் பாதிதான். காந்தப்புலக் கோடுகள் வரைந்ததற்கும் பாதிதான். வீட்டில் செய்தும் பார்த்தோம். 10 செ.மீ. ஆணி, 0.2 மி.மீ. எனாமல் கம்பி, ஒரு ஏஏ பேட்டரி. 50 சுற்றுக்கு 8 கிளிப் ஒட்டியது, 100 சுற்றுக்கு 9 கிளிப்தான். இரண்டு மடங்கு சுற்றினால் 16 வரவேண்டாமா?”

பதில்:

உங்களுக்குக் கிடைத்த 9 கிளிப் சோதனையில் நேர்ந்த பிழை இல்லை. அந்த மின்சுற்றில் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். மகளின் விடையில் விட்டுப்போன ஒரு சொல்லும் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் சோதனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், படத்துக்குப் பிறகு வருகிறேன்.

மின்காந்தத்தின் வலுவைத் தீர்மானிப்பது சுற்றுகளின் எண்ணிக்கை மட்டும் அல்ல. சுற்றுகளின் எண்ணிக்கையை, கம்பியில் ஓடும் மின்னோட்டத்தால் பெருக்கி வரும் தொகைதான் கணக்கு. அதை ஆம்பியர்-சுற்று என்பார்கள். 50 சுற்றில் 2 ஆம்பியர் ஓடினாலும், 100 சுற்றில் 1 ஆம்பியர் ஓடினாலும் ஆம்பியர்-சுற்று 100தான். ஆணி அதே, சுருள் பரவியிருக்கும் நீளமும் அதே என்றால் இரண்டும் ஒரே வலுவுள்ள காந்தங்கள். இதில் ஐயத்துக்கே இடமில்லை. நீங்கள் சுற்றுகளை இரட்டிப்பாக்கியபோது கம்பியின் நீளமும் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. நீளம் கூடினால் மின்தடை கூடும், மின்தடை கூடினால் அதே பேட்டரி தரும் மின்னோட்டம் குறையும். ஒரு கையால் கொடுத்ததில் பெரும்பகுதியை மறு கையால் வாங்கிக்கொண்டது உங்கள் மின்சுற்று.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். ஆணியின் தடிமனை 5 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். அதைச் சுற்றி ஒரு சுற்றுக்குச் சுமார் 1.7 செ.மீ. கம்பி செலவாகும். 50 சுற்றுக்கு 85 செ.மீ., பேட்டரி வரை போக இரு முனையிலும் சேர்த்து 30 செ.மீ., ஆக 115 செ.மீ. 0.2 மி.மீ. தாமிரக் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.55 ஓம். எனவே கம்பியின் மின்தடை 0.63 ஓம். பேட்டரிக்குள்ளேயே ஒரு மின்தடை உண்டு. புதிய ஏஏ அல்கலைன் பேட்டரிக்கு அதை 0.25 ஓம் என்றும், கம்பி முனைகள் தொடும் இடங்களுக்கு 0.15 ஓம் என்றும் கொள்வோம். மொத்தம் 1.03 ஓம். 1.5 வோல்ட்டை அதனால் வகுத்தால் 1.46 ஆம்பியர். அதை 50ஆல் பெருக்கினால் 73 ஆம்பியர்-சுற்று.

இப்போது 100 சுற்று. கம்பி 2 மீட்டர், அதன் மின்தடை 1.1 ஓம், மற்ற 0.4 ஓமையும் சேர்த்தால் 1.5 ஓம். மின்னோட்டம் 1 ஆம்பியராக இறங்கிவிடுகிறது. ஆம்பியர்-சுற்று 100. ஆக, சுற்றுகள் 100 விழுக்காடு கூடியும் வலு கூடியது சுமார் 37 விழுக்காடுதான். அந்தக் கணக்கில் 8 கிளிப் 11 ஆகியிருக்கவேண்டும். மீதி இரண்டு எங்கே போயின? பெரும்பாலும் பேட்டரியில். ஒன்றரை ஆம்பியர் என்பது ஏஏ பேட்டரிக்குப் பெரிய சுமை. முதல் சோதனையில் இணைப்பைச் சில நிமிடங்கள் விட்டிருந்தால் இரண்டாவது சோதனைக்குள் அது தளர்ந்துபோயிருக்கும், உள்மின்தடை ஏறியிருக்கும். அது 0.25இலிருந்து 0.6 ஓம் ஆனாலே மின்னோட்டம் 0.81 ஆம்பியருக்கு வந்துவிடும், ஆம்பியர்-சுற்று 81. அந்த விகிதத்தில் 8 கிளிப் 9 ஆகிறது. உங்கள் பேட்டரியில் இதுதான் நடந்தது என்று அம்மீட்டர் வைத்துப் பார்க்காமல் சொல்லமுடியாது. ஆனால் கிடைத்த எண்ணுக்கு இது போதுமான விளக்கம். தவிர, கிளிப் எண்ணுவது துல்லியமான அளவை அல்ல. அதே காந்தத்தை நான்கு முறை கிளிப் குவியலில் தோய்த்து எடுத்தால் ஒன்றிரண்டு கூடக்குறைய வரும். அதனால் ஒவ்வொரு நிலைக்கும் ஐந்து முறை எண்ணிச் சராசரி எடுக்கவேண்டும்.

இந்தக் குழப்பத்தை அம்மீட்டர் இல்லாமலே தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. சுற்றுகளை மாற்றுங்கள், கம்பியின் நீளத்தை மாற்றாதீர்கள். 2 மீட்டர் கம்பியை வெட்டி அதையே எல்லாச் சோதனைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆணியில் 25 சுற்று மட்டும் சுற்றி, மிச்சக் கம்பியை ஒரு பென்சிலில் சுற்றி ஆணியிலிருந்து 30 செ.மீ. தள்ளி வையுங்கள். பிறகு பென்சிலிலிருந்து அவிழ்த்து ஆணியில் 50, அடுத்து 75, கடைசியில் 100 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். கம்பி அதேதான் என்பதால் மின்தடை மாறாது, மின்னோட்டமும் ஏறக்குறைய 1 ஆம்பியரிலேயே நிற்கும். இப்போது மாறுவது சுற்றுகளின் எண்ணிக்கை மட்டும். 25 சுற்றை ஆணியின் நுனியில் நெருக்கமாகவும் 100 சுற்றை நீளப் பரப்பியும் வைத்தால் ஒப்பீடு கெட்டுவிடும். ஆகவே எத்தனை சுற்றானாலும் ஆணியில் 4 செ.மீ. நீளத்துக்குள் சீராகப் பரப்புங்கள். எல்லாச் சுற்றும் ஒரே திசையில் சுழலவேண்டும். பாதியில் திசை மாறிச் சுற்றிய சுற்றுகள் முன்னவற்றின் புலத்தை அழித்துவிடும். அப்படி ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக 50க்கு 50 எதிரெதிராகச் சுற்றிவிட்டால் ஏறக்குறைய ஒரு கிளிப்கூட ஒட்டாது.

இணைப்பை 5 நொடிக்கு மேல் விடாதீர்கள். எண்ணி முடித்ததும் துண்டித்து, அரை நிமிடம் பேட்டரிக்கு ஓய்வு கொடுங்கள். கம்பி சூடாவதை விரலால் உணரமுடியும். முடிந்தபின் 25 சுற்றுக்குத் திரும்பவந்து மறுபடி எண்ணுங்கள். முதலில் வந்த எண்ணே வந்தால் பேட்டரி தளரவில்லை. குறைவாக வந்தால் நடுவில் எடுத்த எண்களையும் நம்பமுடியாது. ஒவ்வொரு முறை துண்டித்த பிறகும் ஆணியில் எத்தனை கிளிப் ஒட்டிக்கொண்டே நிற்கின்றன என்று பாருங்கள். கடையில் கிடைக்கும் ஆணி தேனிரும்பு அல்ல, எஃகு. ஆகவே கொஞ்சம் காந்தத்தன்மையைத் தன்னிடமே பிடித்துவைத்துக்கொள்ளும். அப்படி இரண்டு கிளிப் நின்றால் அதையும் குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த எண்ணிக்கையில் அது மறைந்து உட்கார்ந்துகொள்ளும். சோதனை தொடக்கத்திலேயே ஒன்றும் ஒட்டவில்லை என்றால் முதலில் பார்க்கவேண்டியது எனாமல். பார்க்க வெறும் தாமிரம் போலவே இருக்கும், ஆனால் மின்சாரத்தை விடாது. இரு முனையிலும் 2 செ.மீ. அளவுக்கு உப்புத்தாளால் சுற்றிலும் தேய்த்து, நிறம் வெளிறித் தெரியும்வரை எடுக்கவேண்டும். மின்சாரத்துக்கு ஏஏ அல்கலைன் பேட்டரியே போதும். ரீசார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரியை இந்தச் சுருளில் இணைக்கக்கூடாது, அது மிகப் பெரிய மின்னோட்டத்தைத் தந்து தீப்பிடிக்கும் அளவுக்குப் போகும். சுவர் மின்சாரம் பக்கமே போகக்கூடாது.

இப்போது மகளின் வாக்கியம். ‘அதிகக் கம்பி’ என்பதுதான் சிக்கல். கம்பி அதிகமானால் மின்தடைதான் நிச்சயமாகக் கூடும். வலு கூடுவது சுற்றுகளால். பென்சிலில் சுற்றிக் கிடந்த கம்பி ஆணிக்கு ஒன்றும் செய்யவில்லை என்பதை மேலே சொன்ன சோதனையே காட்டிவிடும். முழு மதிப்பெண் பெறும் விடை இப்படி இருக்கும்: “மின்னோட்டம் மாறாமல் இருக்கும்போது, அதே நீளத்தில் சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் மின்காந்தம் வலுவாகும். சுற்றுகள் மாறாமல் இருக்கும்போது மின்னோட்டத்தைக் கூட்டினாலும் வலுவாகும். சுருளுக்குள் தேனிரும்பு உள்ளகம் வைத்தாலும் வலுவாகும்.” தொடக்கத்தில் வரும் ‘மாறாமல் இருக்கும்போது’ என்பதற்குத்தான் அந்தப் பாதி மதிப்பெண் போயிருக்கவேண்டும்.

பேட்டரியைக் கூட்டினால் வலு கூடும் என்று எழுதுவதும் இதே வகைதான். உண்மை, ஆனால் மின்னோட்டத்தின் வழியாகத்தான். உங்கள் 50 சுற்றுச் சுருளுக்கு இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்தால் 3 வோல்ட் கிடைக்கும், ஆனால் உள்மின்தடையும் இரண்டு மடங்காகும். 1.46 ஆம்பியர் 2.3 ஆம்பியர் அளவுக்குத்தான் ஏறும், 2.9க்கு அல்ல. தடித்த கம்பி எடுத்தால் வலு கூடுவதும் மின்னோட்டத்தால்தான். 0.4 மி.மீ. கம்பிக்கு மின்தடை நான்கில் ஒரு பங்கு. அதே 50 சுற்றில் ஏறக்குறைய 2.7 ஆம்பியர் ஓடும், பேட்டரியும் அவ்வளவு விரைவாகத் தீரும்.

இந்தப் புதிருக்குச் சொந்தக்காரர் ஒருவர் உண்டு, அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி. அவருக்கு முன், 1825இல், ஆங்கிலேயரான வில்லியம் ஸ்டர்ஜன் செய்த மின்காந்தத்தில் காப்பில்லாத கம்பி, வார்னிஷ் பூசிய இரும்பு. சுற்றுகள் ஒன்றையொன்று தொடக்கூடாது என்பதால் இடைவெளி விட்டுத்தான் சுற்றமுடிந்தது. ஹென்றி கம்பிக்கே காப்புறை போட்டு நெருக்கி, அடுக்கடுக்காகச் சுற்றினார். சுற்றிக்கொண்டே போனால் ஓர் அளவுக்கு மேல் பயன் குறைவதை அவரும் பார்த்தார். ஒற்றை மின்கலத்துக்கு நீண்ட ஒரே சுருள் பொருந்தாது, குட்டையான பல சுருள்களைப் பக்க இணைப்பில் போடவேண்டும். பல மின்கலங்களைத் தொடராக அடுக்கினால் நீண்ட சுருள் பொருந்தும் என்று பிரித்தறிந்தார். அந்த வழியில் 1831இல் அவர் செய்த காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது. ஓமின் விதி அப்போது அச்சேறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சுருளை மின்கலத்துக்கு ஏற்றபடி அமைக்கவேண்டும் என்று ஹென்றி கண்டதையே உங்கள் ஏஏ பேட்டரியும் சொல்கிறது.

இரும்பைப் பற்றி இரண்டு தவறான விளக்கங்கள் உலவுகின்றன. 100 சுற்றில் பெரிய ஏற்றம் வராததற்கு ‘இரும்பு தெவிட்டிவிட்டது’ என்று சிலர் காரணம் சொல்வார்கள். தெவிட்டுநிலை உண்மையில் உண்டு. இரும்புக்குள் புலம் ஏறக்குறைய 2 டெஸ்லாவை எட்டியபின் மின்னோட்டத்தைக் கூட்டிப் பெரிய பயன் இல்லை. ஆனால் 100 ஆம்பியர்-சுற்றில் உங்கள் ஆணி அரை டெஸ்லாவைக்கூடத் தொட்டிருக்காது. எனவே இங்கே அந்தக் காரணம் பொருந்தாது. இன்னொன்று, ‘இரும்பு வைத்தால் ஆயிரம் மடங்கு வலுவாகும்’ என்பது. இரும்பு முழு வளையமாக இருந்தால் அப்படி ஆகலாம். ஆணியின் இரு முனையும் திறந்து கிடப்பதால் புலம் காற்று வழியாகத் திரும்பவேண்டியிருக்கிறது, அந்தக் காற்றுவழிதான் தடை. ஆணியின் உருவத்தைப் பொறுத்துப் பத்துகளில் தொடங்கி நூற்றுச் சொச்ச மடங்கு வரை என்பதே நடைமுறை. லாட வடிவில் வளைத்து இரு முனையாலும் ஒரே இரும்பைத் தூக்கச்செய்தால் பிடி பலமடங்காவது அந்தக் காற்றுவழி குறைவதால்தான்.

இந்தத் ‘திரும்பும் வழி’ மனத்தில் இருந்தால் படத்தில் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை தாமாகவே போய்விடும். மகளின் படத்தை நான் பார்க்கவில்லை, ஆகவே மாணவர்கள் வழக்கமாக மதிப்பெண் இழக்கும் இடங்களைச் சொல்கிறேன். புலக்கோடு காந்தத்துக்கு வெளியே வடமுனையிலிருந்து தென்முனைக்குப் போகிறது, உள்ளே தென்முனையிலிருந்து வடமுனைக்குத் திரும்புகிறது. எங்கும் தொடங்குவதில்லை, எங்கும் முடிவதில்லை. எனவே நடுவெளியில் கோட்டை நிறுத்தக்கூடாது. தாளின் ஓரம்வரை போய் வெளியேறினால் தவறில்லை, அம்புக்குறி மட்டும் இருக்கவேண்டும். சட்டக்காந்தத்தின் இரண்டு முனைப் பரப்பிலிருந்து மட்டுமே கோடுகள் கிளம்புவதாக வரைவது அடுத்த பிழை. முனைக்கு அருகே பக்கவாட்டிலிருந்தும் கோடுகள் வெளிவருகின்றன. முனைகளில் நெருக்கமாகவும், நடுப்பகுதியை ஒட்டி அரிதாகவும் இருக்கவேண்டும், ஏனென்றால் நெருக்கம்தான் வலுவைக் காட்டுகிறது.

இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளக்கூடாது என்பதை வெறும் விதியாக மனப்பாடம் செய்யவேண்டாம். கோட்டின் மேல் ஒரு சிறு திசைகாட்டியை வைத்தால் ஊசி அந்தக் கோட்டின் வழியே நிற்கும். வெட்டும் புள்ளியில் வைத்தால் ஊசி எந்தத் திசையில் நிற்கும்? ஒரே ஊசி இரண்டு திசையைக் காட்டமுடியாது. வெட்டிக்கொள்ளும் பிழை பெரும்பாலும் நேர்வது, இரண்டு வடமுனைகள் எதிரெதிரே இருக்கும் படத்தில். இரு பக்கத்துக் கோடுகளையும் நடுவில் மோதவிட்டுவிடுகிறார்கள். அங்கே கோடுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேலும் கீழுமாக வளைந்து விலகவேண்டும். நட்டநடுவில் இரண்டு புலங்களும் சமமாகி அழியும் நடுநிலைப் புள்ளி, அந்த இடம் வெறுமையாகவே இருக்கவேண்டும். வடமுனையும் தென்முனையும் எதிரெதிரே இருந்தால் இடைவெளியில் கோடுகள் நேராகத் தாண்டும், ஓரத்துக் கோடுகள் மட்டும் வெளிப்பக்கம் கொஞ்சம் புடைக்கும். இரண்டு படத்திலுமே வெளிப்பக்கம் இருக்கும் முனைகளுக்குக் கோடு போட மறந்துவிடுவார்கள், அதற்கும் மதிப்பெண் போகும்.

வரைந்தது சரியா என்று இரும்புத்தூளைத் தூவிப் பார்க்கலாம், ஆனால் தூள் வடிவத்தைக் காட்டுமே தவிரத் திசையைக் காட்டாது. திசைக்குத் திசைகாட்டிதான் வேண்டும். வடமுனை அருகே வைத்து ஊசியின் முன்நுனியில் ஒரு புள்ளி இடுங்கள், ஊசியின் பின்நுனி அந்தப் புள்ளிக்கு வரும்படி நகர்த்தி அடுத்த புள்ளி இடுங்கள், தென்முனை வரும்வரை இப்படியே போய்ப் புள்ளிகளை இணைத்தால் ஒரு கோடு. தொடங்குமுன் திசைகாட்டி சரியாக வடக்கைக் காட்டுகிறதா என்று பாருங்கள். வலுவான காந்தத்தோடு ஒட்டிக்கிடந்த சிறிய திசைகாட்டியின் ஊசி முனைமாறிப்போவது உண்டு. காந்தத்திலிருந்து தள்ளிப் போகப்போகப் பூமியின் காந்தப்புலமும் ஊசியை இழுக்கும். அதனால் புத்தகப்படம் போல வராமல் கோடு ஒருபக்கம் சாய்ந்தால் வரைந்தவர் தவறு அல்ல.

வரிச்சுருளுக்கு வெளியே படம் சட்டக்காந்தம் போலவேதான். உள்ளே கோடுகள் இணையாக, சம இடைவெளியில் ஓடவேண்டும். எந்த முனை வடக்கு என்பதற்கு, வலக்கையால் சுருளைப் பிடித்து, நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு மின்னோட்டம் சுழலும் திசையில் விரல்களை மடக்கினால் கட்டைவிரல் வடமுனையைக் காட்டும். படத்தில் கம்பி முன்பக்கமாக மேலேறுகிறதா கீழிறங்குகிறதா என்பதைக் கவனிக்காமல் பேட்டரியின் குறியை மட்டும் பார்ப்பதால்தான் இது தலைகீழாகிறது. பேட்டரியைத் திருப்பிப்போட்டாலும் முனை மாறும், சுற்றும் திசையை மாற்றினாலும் மாறும், இரண்டையும் மாற்றினால் பழையபடியே நிற்கும்.

வலுவான மின்காந்தத்தை வரையச்சொல்லும் கேள்வியில் கோட்டைத் தடிமனாக்குவதோ வடிவத்தைப் பெரிதாக்குவதோ விடை அல்ல. வடிவம் அதே, கோடுகள் நெருக்கம். எத்தனை கோடு என்பது வரைபவர் விருப்பம், இரண்டு படங்களுக்கும் இடையிலான விகிதம் மட்டும் பொருளுள்ளது. மின்னோட்டம் மாறாத பென்சில் சோதனையை வரைந்தால், 50 சுற்றுக்கு 6 கோடு போட்டவர் 100 சுற்றுக்கு 12 போடவேண்டும். நீங்கள் வீட்டில் செய்த மின்சுற்றைப் புதிய பேட்டரியோடு வரைந்தால், 6 கோட்டுக்கு 8 கோடு.